பெயர் தெரியாத மாத்திரைக்கு நீங்களே பெயர் வைக்காதீர்கள்

எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு என் வாட்ஸ்அப் எண் ஒரு மருந்துச் சீட்டு படிக்கும் நிலையம். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பார்மசிஸ்டாக இருந்தேன் என்பதுதான் காரணம். வேலையை விட்டு வெகு நாளாகியும் படங்கள் வருவது நிற்கவில்லை. "இதுல என்ன எழுதிருக்குன்னு பாத்துச் சொல்லேன்" என்ற ஒரு வரியோடு, டியூப்லைட் வெளிச்சத்தில், நான்காக மடித்த தாள், பாதி நிழல்.

படித்துச் சொல்வதில் எனக்குச் சலிப்பு இல்லை. ஆனால் எல்லாவற்றையும் படித்துச் சொல்வதில்லை. தெரியாத இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதி அனுப்புகிறேன். அதற்காகச் சிலர் கோபித்துக்கொண்டதும் உண்டு. "மருந்துக் கடையிலேயே இருந்தவளுக்கு இது கூடத் தெரியலையா?" ஏன் அப்படிச் செய்கிறேன் என்பதை, சமீபத்தில் வந்த ஒரு சீட்டை வைத்துச் சொல்கிறேன். பெரியம்மாவிடமும் அவருடைய டாக்டரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வீக்கம், காலையில் கை மடங்காது. திருநெல்வேலியில் மூட்டுவாத டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார். அன்று ராத்திரியே பேரன் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினான். ஐந்து வரி தெரிந்தது. முதல் வரி ஹெச்.சி.க்யூ.எஸ். 200, பக்கத்தில் 0-0-1. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்தான், சந்தேகமே இல்லை. மூன்றாவது பான் 40, காலையில் சாப்பிடும் முன். நான்காவது டோலோ 650, எஸ்.ஓ.எஸ்., அதாவது வலி இருந்தால் மட்டும். ஐந்தாவது ஷெல்கால் 500, கால்சியம். இவை எல்லாம் எழுத்துக்கு எழுத்து தெரிந்தன.

இரண்டாவது வரிதான் வம்பு. ஆங்கிலத்தில் எஃப், ஓ, எல் என்று மூன்று எழுத்து நன்றாகத் தெரிகிறது. அதன் பிறகு ஓர் அலை. அலையின் மேல் ஒரு புள்ளி, கொஞ்சம் தள்ளி ஒரு குறுக்குக் கோடு, அப்புறம் வால் போல நீண்ட ஓர் இழுப்பு. பிறகு 5 என்ற எண். எண்ணுக்குப் பக்கத்தில் 1-0-0 மாதிரி எதுவும் இல்லை, ஏதோ ஒரு சொல் கிறுக்கலாக இருக்கிறது.

"ஃபோல்" என்று தொடங்கி 5 என்று முடிந்தால் எந்தப் பார்மசிஸ்டுக்கும் முதலில் வாயில் வருவது ஃபோல்வைட். ஃபோலிக் ஆசிட் மாத்திரை, 5 மில்லிகிராம். கர்ப்பிணிகளுக்கும் ரத்தசோகைக்காரர்களுக்கும் தினமும் எழுதிக் கொடுப்பது, பெரிய ஆபத்தில்லாத மாத்திரை. ஆனால் இதே "ஃபோல்" என்று தொடங்குகிற இன்னொன்று இருக்கிறது: ஃபோலிட்ராக்ஸ். அதில் உள்ளது மெத்தோட்ரெக்சேட். அதுவும் மூட்டுவாதத்துக்குத்தான், அதிலும் 5 மில்லிகிராம் மாத்திரை உண்டு. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு பெயரிலும் எஃப், ஓ, எல் உண்டு, புள்ளி வைத்த ஐ உண்டு, அதை அடுத்து குறுக்குக் கோடு போட்ட டி உண்டு. வித்தியாசம், எல்-லுக்கும் ஐ-க்கும் நடுவில் ஒரு வி இருக்கிறதா என்பதும், டி-க்குப் பிறகு ஒரே ஓர் எழுத்தா மூன்று எழுத்தா என்பதும்தான். இந்த டாக்டரோ டி-க்குப் பிறகு எதையும் எழுதவில்லை, இழுத்துவிட்டார்.

மெத்தோட்ரெக்சேட்டை மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். ஃபோலிக் ஆசிட் என்று நினைத்துத் தினமும் சாப்பிட்டால், சில நாட்களில் வாய் முழுக்கப் புண், பிறகு வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் சரிவு, காய்ச்சல், கிருமித்தொற்று. தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. அதனால்தான் மருந்துப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிற அமைப்புகள் பலவும் இந்த ஒரு மருந்தைத் தனியாக எடுத்து எச்சரிக்கின்றன.

ஆக, ஒரே அலைக்கோட்டுக்கு இரண்டு வாசிப்பு. ஒன்று சத்து மாத்திரை மாதிரி. இன்னொன்று தப்பான நாளில் விழுங்கினால் ஆளையே சாய்த்துவிடக் கூடியது.

இங்கேதான் பலரும் சொல்வார்கள்: "மத்த மருந்தைப் பாத்தாத் தெரிஞ்சிடுமே." மற்ற வரிகள் உதவும், மறுக்கவில்லை. ஆனால் எதற்கு உதவும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு ஊகம் தப்பு என்று காட்ட உதவும். ஊகம் சரி என்று நிரூபிக்க உதவாது.

இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது. மார்புச் சளித் தொற்று வந்த ஆஸ்துமாக்காரர் ஒருவருக்கு டாக்டர் அமாக்ஸில் எழுதினார், கூடவே வென்டோலின் இன்ஹேலரும் ஃபைலோகான்டினும். பார்மசிஸ்ட் அமாக்ஸிலை டயோனில் என்று படித்தார். டயோனில் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை. சர்க்கரை நோயே இல்லாத அந்த மனிதருக்கு ரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய், மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இருவர் மீதும் பொறுப்பு உண்டு என்றது: டாக்டர் மீது 25 சதவீதம், பார்மசிஸ்ட் மீது 75 சதவீதம். கையெழுத்து டாக்டருடையது, ஆனால் பெரும்பங்கு பொறுப்பு படித்தவருக்கு.

ஏன்? சீட்டு முழுக்க "இது டயோனில் இல்லை" என்று கத்திக்கொண்டிருந்தது. அளவு 250 மில்லிகிராம், டயோனில் மாத்திரையோ 5 மில்லிகிராம். ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒரு வாரத்துக்கு மட்டும். சர்க்கரை மாத்திரையை யாரும் அப்படி எழுத மாட்டார்கள். கூட இருந்தவை மூச்சுக்கான மருந்துகள். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த நாட்டில் மருந்துச் சீட்டுக் கட்டணம் கிடையாது, இந்த மனிதரோ பணம் கட்டியிருந்தார். இத்தனையில் ஏதாவது ஒன்று அந்தப் பார்மசிஸ்டை நிறுத்தியிருக்க வேண்டும் என்றுதான் நீதிமன்றம் சொன்னது.

அந்த வழக்கில் அளவும் வேளையும் கூட இருந்த மருந்துகளும் தப்பான ஊகத்தை உடைத்திருக்கும். பெரியம்மாவின் சீட்டில் அதே கேள்விகளைக் கேட்டுப் பார்த்தேன். அளவு 5: இரண்டிலும் உண்டு. கூட இருக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்: மெத்தோட்ரெக்சேட்டோடும் போகும். ஃபோலிக் ஆசிட்? அது மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்களுக்குப் பக்கவிளைவு குறைய வழக்கமாகத் துணைக்கு எழுதுவது. அதனால் அதுவும் போகும். எந்தக் கேள்வியும் எதையும் உடைக்கவில்லை.

ஆனால் வேறொன்று தட்டியது. மூட்டுவாதச் சீட்டில் இந்த இரண்டும் ஜோடியாகத்தான் வரும். மெத்தோட்ரெக்சேட் என்றால் ஃபோலிக் ஆசிட் கூட இருக்க வேண்டும். ஃபோலிக் ஆசிட் மட்டும் என்றால், மெத்தோட்ரெக்சேட் இல்லாமல் அது எதற்கு? ஒரே ஒரு "ஃபோல்" இருக்கிறது என்றால், இரண்டாவது "ஃபோல்" எங்கே? படத்தின் அடியில் பார்த்தேன். தாளைப் பிடித்திருந்த பேரனின் கட்டைவிரல்.

"தம்பி, விரலை எடுத்துட்டு, பகல் வெளிச்சத்துல இன்னொரு படம் அனுப்பு" என்றேன்.

எப்படி எடுக்க வேண்டும் என்பதை அவனுக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். தாளை மேசையில் விரித்து, மடிப்பை நீவிவிட்டு, ஜன்னல் பக்கம் வைக்க வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம், பால்பாயின்ட் மை பளபளத்துக் கோடு மறைந்துபோகும். முதலில் நான்கு மூலையும் தெரிகிற மாதிரி முழுத் தாள் ஒன்று, பிறகு வரிவரியாகக் கிட்டத்தில். பின்பக்கத்தையும் ஒரு தடவை திருப்பிப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமென்ட் என்று இணைத்தால் அப்படியே வரும். ஸ்கேனர் செயலியில் போட்டுக் கறுப்பு வெள்ளையாக்கி "பளிச்சென்று" அனுப்புவதுதான் எல்லாவற்றையும்விட மோசம். மங்கலான கோடுகளைத் தூசி என்று நினைத்து அது அழித்துவிடும். முதலில் காணாமல் போவது தசமப் புள்ளி. 2.5 என்பது 25 ஆகிவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும்.

மறுநாள் காலை படம் வந்தது. ஆறாவது வரி இருந்தது. அதுவும் "ஃபோல்", அதுவும் அலை. எண் மட்டும் வேறு: 7.5, அல்லது 15. டாக்டர் 7-ஐக் கொண்டை வைக்காமல் எழுதுகிறவர், 1-ஐ மேலே கொஞ்சம் வளைத்து எழுதுகிறவர். நடுவில் ஒரு புள்ளி மாதிரி இருந்தது. அது புள்ளியா, தாளில் இருந்த துகளா? இரண்டு கோணத்தில் எடுத்த படங்களை ஒப்பிட்டேன். இரண்டிலும் அதே இடத்தில் இருந்தது, அதனால் லென்ஸில் ஒட்டிய தூசி இல்லை. தாளில்தான் இருக்கிறது. மையா அழுக்கா என்பது அசல் தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

ஃபோல்வைட் 7.5இலும் வராது, 15இலும் வராது. மெத்தோட்ரெக்சேட் இரண்டு அளவிலும் வரும். எனவே ஆறாவது வரி மெத்தோட்ரெக்சேட்டாகத்தான் இருக்க முடியும் என்று மனம் சொன்னது. அப்படியானால் இரண்டாவது வரி ஃபோலிக் ஆசிட், கணக்கு முடிந்தது என்று இங்கேயே முடித்துவிடலாம். முடிக்கக் கூடாது. ஒன்று, 7.5க்கும் 15க்கும் இடையே அளவு இரட்டிப்பு. இன்னொன்று, 20 மில்லிகிராம் வேண்டுமென்றால் 15 மாத்திரை ஒன்றும் 5 மாத்திரை ஒன்றும் சேர்த்து எழுதுகிற டாக்டர்களும் உண்டு. அப்படியானால் இரண்டு வரியும் ஒரே மருந்து. "இப்படித்தான் இருக்கும்" என்று எனக்குத் தோன்றியது உண்மைதான். எனக்குத் தோன்றியதைப் பெரியம்மா விழுங்க வேண்டிய அவசியம் இல்லை.

பெரியம்மாவுக்கும் பேரனுக்கும் நான் அனுப்பியது இதுதான்:

வரி 1: ஹெச்.சி.க்யூ.எஸ். 200. இரவு ஒன்று. தெளிவு.
வரி 2: [பெயர் படிக்க முடியவில்லை. "ஃபோல்…" என்று தொடங்குகிறது. 5. எப்போது சாப்பிடுவது என்பதும் தெளிவில்லை.]
வரி 3: பான் 40. காலை ஒன்று, சாப்பிடும் முன். தெளிவு.
வரி 4: டோலோ 650. வலி இருந்தால் மட்டும். தெளிவு.
வரி 5: ஷெல்கால் 500. மதியம் ஒன்று. தெளிவு.
வரி 6: [பெயர் படிக்க முடியவில்லை. "ஃபோல்…" என்று தொடங்குகிறது. எண் 7.5 அல்லது 15. எப்போது என்பது தெளிவில்லை.]
2, 6 இரண்டையும் பார்மசிஸ்ட் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்யும் வரை சாப்பிட வேண்டாம். ஒன்று வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சாப்பிடும் மருந்தாக இருக்கலாம்.

வரி எண்ணைப் போடுவது சும்மா இல்லை. கடைக்காரர் அசல் சீட்டில் விரல் வைத்து "ரெண்டாவது" என்று தேடலாம். அடைப்புக்குள் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன், மனதுக்குத் தோன்றியதை எழுதவில்லை.

"ஃபோல்வைட்? (சந்தேகம்)" என்று எழுதியிருந்தால் என்ன என்று என் தங்கை கேட்டாள். எழுதலாம். ஆனால் அந்தக் கேள்விக்குறி எவ்வளவு தூரம் பயணம் செய்யும்? பேரன் பாட்டிக்குப் படித்துக் காட்டும்போது கேள்விக்குறியைப் படிக்க மாட்டான். பெரியம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம் "ஃபோல்வைட் வாங்கிட்டு வா" என்று சொல்லும்போது சந்தேகம் எங்கேயோ நின்றுவிடும். கடைக்குப் போகும்போது அது பெயராகவே போய்ச் சேரும். அதைவிட மோசம், பார்மசிஸ்டிடம் பெயரைச் சொல்லிவிட்டுச் சீட்டைக் காட்டினால், அவர் கண்ணும் அந்தப் பெயரையே அலைக்குள் தேடும். தேடினால் கிடைக்கும். ஓர் அலையில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அதனால் கடையில் எப்படிக் கேட்பது என்பதையும் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "இது ஃபோல்வைட்தானே அண்ணே?" என்று கேட்கக் கூடாது. "ரெண்டாவது, ஆறாவது வரி என்ன மருந்து? எதுக்கு? எந்தெந்த நாள் சாப்பிடணும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். படத்தை அல்ல, அசல் தாளைக் காட்ட வேண்டும். கவுன்டரில் நிற்கிற எல்லாரும் பார்மசிஸ்ட் இல்லை. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற பார்மசிஸ்ட். "பார்மசிஸ்ட் இருக்காங்களா?" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கிளினிக்கோடு ஒட்டிய மருந்தகத்துக்குப் போனால் சீக்கிரம் தெரிந்துவிடும், அவர்களுக்கு அந்த டாக்டரின் கையெழுத்து பழக்கம். ஆனால் பழக்கம் என்பதே ஒரு வகை ஊகம்தான். ஒரு நொடி பார்த்துவிட்டு ஸ்ட்ரிப்பை எடுத்து வைத்தால், "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்று சொல்லலாம். நல்ல பார்மசிஸ்ட் இதற்குக் கோபிக்க மாட்டார். நான் வேலையில் இருந்தபோது இப்படிக் கேட்டவர்கள் மீது எனக்கு மரியாதைதான் வந்தது.

பேரன் போன கடையில் பார்மசிஸ்டாக இருந்த அம்மா தாளைப் பார்த்துவிட்டு, தானே படிக்கவில்லை. டாக்டரின் உதவியாளரை ஃபோனில் பிடித்து, அவர் வழியாக டாக்டரைக் கேட்டார். ஆறாவது வரி ஃபோலிட்ராக்ஸ் 7.5, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்று. இரண்டாவது வரி ஃபோல்வைட் 5, திங்கள், செவ்வாய் மட்டும். கிறுக்கலாக இருந்த சொற்கள் கிழமைகள்தான். சீட்டிலேயே தெளிவாக எழுதி, ஸ்ட்ரிப்பின் மேல் ஒட்டிய தாளில் "ஞாயிறு மட்டும்" என்று தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்தார்.

நான் நினைத்ததும் அதுவாகவே இருந்தது. அதனால் ஊகித்திருந்தாலும் பரவாயில்லை என்று ஆகாது. கிழமையை நான் ஊகிக்கவே முடியாது. 7.5 என்பதும் தசமப் புள்ளி ஒன்றின் மீதுதான் நின்றது.

ஒரு விஷயத்தில் குழப்பம் வரக் கூடாது. "உறுதி செய்யும் வரை சாப்பிட வேண்டாம்" என்று சொன்னது இந்த இரண்டு புது மருந்துக்கு மட்டும்தான். இவை ஒரு நாள் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே சாப்பிட்டு வருகிற வலிப்பு மாத்திரை, இன்சுலின், இதய மாத்திரை இவற்றின் வரி படிக்க முடியாமல் இருந்தால், நிறுத்திவிட்டுக் காத்திருப்பதே ஆபத்து. அப்போது செய்ய வேண்டியது அப்போதே டாக்டருக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஃபோன்.

நம் ஊர் பிராண்டுகளில் இன்னொரு கண்ணி, வால் எழுத்து. டெல்மா 40 என்றால் ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டான் மட்டும். டெல்மா-ஹெச் என்றால் கூட நீர் பிரியும் மருந்து. டெல்மா-ஏ.எம். என்றால் கூட அம்லோடிபின். பெயர் முழுக்கத் தெளிவாக இருந்து, கடைசி எழுத்து மட்டும் மங்கியிருந்தாலும், எனக்கு அந்த வரி முழுவதும் படிக்க முடியாத வரிதான். "டெல்மா 40, அதன் பின் ஏதோ இருக்கிறது" என்றுதான் எழுதுவேன்.

டாக்டர்களைத் திட்டி இந்தப் பதிவை முடிக்கலாம். வேண்டாம், திட்டுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மருந்தின் பொதுப்பெயரை, படிக்கும்படி, முடிந்தவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் நெறிமுறை 2016இலேயே திருத்தப்பட்டது. படிக்கக்கூடிய மருந்துச் சீட்டு நோயாளியின் உரிமை என்று பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது. சீட்டு வாங்கும்போதே, டாக்டர் அறையை விட்டு எழும் முன், "டாக்டர், பேரை ஒரு தடவை வாசிச்சுச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று கேட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எனக்குப் படம் அனுப்புங்கள், படிக்கிறேன். ஆனால் அசல் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது மூட்டுவாதத்துக்கோ சோரியாசிஸுக்கோ மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், இன்றைக்கே ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பாருங்கள். பிராண்ட் பெயரோடு சிறிய எழுத்தில் மெத்தோட்ரெக்சேட் என்று இருந்தால், எந்தக் கிழமை சாப்பிடுகிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். பதிலில் "தினமும்" என்ற சொல் வந்தால், அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.